வீட்டம்மா கையெழுத்து தேவையே இல்லை என்றார்கள்

அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று அந்தம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பின்கட்டுக்குப் போய்விட்டார். வீடு விற்கிறவர்கள் பொதுவாக எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று. அவர் கணவர் பேசினார், புரோக்கர் பேசினார். அந்தம்மா பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது சமையலறை ஜன்னல் வழியே தெரிந்தது. வீட்டை விற்கப்போகிறவர் செடிக்கு இவ்வளவு பொறுமையாகத் தண்ணீர் ஊற்றுவாரா என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் திருச்சியில் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. அவருடைய இன்சூரன்ஸ் பணமும் என் சேமிப்புமாக 16 லட்சம் வைத்திருந்தேன், மீதிக்கு வங்கிக் கடன் என்று கணக்கு. வீட்டின் விலை 44 லட்சம். கூடவே இருந்து கேள்வி கேட்க ஆள் இல்லாததால் புரோக்கரிடம் நானேதான் கேட்டேன். "வீட்டம்மா கையெழுத்துப் போடணுமா?" அவர் சிரித்தார். "பத்திரம் அவர் பேர்ல மட்டும்தான் இருக்கு மேடம். சட்டப்படி வீட்டம்மா கையெழுத்து தேவையே இல்ல." வங்கியின் வக்கீலும் பிறகு இதையேதான் எழுதிக் கொடுத்தார். இருவர் சொன்னதும் உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் நான் ஒரு வருடம் அலைந்தேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கணவன் தன் சம்பாத்தியத்தில் தன் பெயரில் வாங்கிய சொத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆனதாலேயே அந்தச் சொத்தில் பாதி மனைவிக்கு வந்துவிடாது. கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்துச் சட்டத்தின் வழியில், பொதுவாக திருமணத்தோடு சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடும், அங்கே மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் மனைவி எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டுக் கடனில் மனைவி இணை விண்ணப்பதாரராக இருந்தாலும் அவர் கடனுக்குத்தான் பொறுப்பாளி, அதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

அதனால் வங்கி வக்கீல் முதலில் பார்த்தது அவர் பெயருக்கு இந்தச் சொத்து எப்படி வந்தது என்பதைத்தான். மூலப்பத்திரம் கேட்டார், வில்லங்கச் சான்று கேட்டார். 2009இல் மனையைக் கிரயம் வாங்கி 2012இல் வீடு கட்டியிருக்கிறார், ஆக சுயசம்பாத்தியம். அதே மனை தாத்தா, அப்பா வழியில் பாகமாக வந்த பூர்வீகச் சொத்தாக இருந்தால் கதை வேறு. அப்போதும் மனைவிக்கு நேரடிப் பங்கு கிடையாது, ஆனால் இந்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பிறப்பால் பங்கு உண்டு. பெண்பிள்ளைகளுக்கும் உண்டு: தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005இல். பல வீடுகளில் "மனைவி வழக்குப் போட்டுட்டா" என்று சொல்வதை விசாரித்தால், அம்மா பிள்ளைகளுக்காகப் போட்ட பாகப்பிரிவினை வழக்காக இருக்கும். எங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. எல்லாம் சுத்தம் என்று கருத்துரை வந்தது.

கருத்துரை வருவதற்கு முன்பே நான் பணம் கொடுத்துவிட்டேன் என்பதுதான் என் முதல் முட்டாள்தனம். வீடு பார்த்த அன்றே டோக்கன் என்று 25,000 ரூபாய் ரொக்கம், ரசீது இல்லாமல். (சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அது அப்புறம் தெரிந்தது.) 2023 ஜனவரியில் 4 லட்சம் வங்கி வழியாக அனுப்பி, மூன்று மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்தோம். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும், அதில் நான் தப்பு செய்யவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அந்த 25,000 ஏறவில்லை. "அது நம்மளுக்குள்ள" என்றார் வீட்டுக்காரர்.

பிப்ரவரி கடைசியில் வங்கியின் மதிப்பீட்டாளர் அளவெடுக்கப் போனார். அன்று கணவர் வீட்டில் இல்லை. அந்தம்மா கதவைத் திறந்து, உள்ளே விட்டு, எல்லா அறையையும் காட்டியிருக்கிறார். கடைசியில், "அளந்துக்கங்க சார். ஆனா நாங்க காலி பண்ணமாட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். மதிப்பீட்டாளர் அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டார். இரண்டு நாளில் வங்கியிலிருந்து போன். பத்திரத்தில் மனைவியும் ஒப்புதல் தரும் தரப்பாக இருந்தால்தான் கடன் என்றார்கள். சட்டப்படி தேவையில்லை என்று உங்கள் வக்கீலே எழுதியிருக்கிறாரே என்று கேட்டேன். "பத்திரம் செல்லும் மேடம். ஆனா வீட்டுக்குள்ள ஆள் இருந்தா எங்களுக்கு அது அடமானத்துக்கு உதவாது" என்றார் அந்த மேலாளர். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அந்த விஷயத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

கணவரிடம் கேட்டபோது, "கோவத்துல பேசியிருப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்தப் "பாத்துக்கிறேன்"ஐ நான் மூன்று வாரம் நம்பினேன். பிறகு பொறுக்காமல் ஒரு மதியம், அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து நானே போனேன். சண்டை போடப்போகிறார் என்று பயந்தேன். உட்காரச் சொன்னார். "அக்கா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. வீடு கட்டும்போது என் நகை இருபத்திரெண்டு பவுன் போச்சு. லின்டல் போட்ட அன்னிக்கு வித்தது, ரசீது வச்சிருக்கேன். இப்ப அவரு கடன அடைக்க வீட்ட விக்கிறாரு. எங்கள எங்க கூட்டிட்டுப் போவாருன்னு கேட்டா பதில் இல்ல. நான் எங்கயும் போகல." பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு அழுகை வந்தது, அவருக்காகவா என் 4 லட்சத்துக்காகவா என்று தெரியவில்லை. இரண்டுக்கும்தான்.

ஏப்ரலில் எனக்குப் பதிவுத் தபாலில் ஒரு நகல் வந்தது. வங்கிக்கும் சார்பதிவாளருக்கும் போயிருந்தது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட்டு, கணவர் அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று இடைக்கால உத்தரவு வாங்கியிருந்தார். இந்தச் சட்டத்தை அடி, உதைக்கானது என்றே நான் நினைத்திருந்தேன். பணத்தைப் பிடுங்குவது, செலவுக்குத் தராமல் விடுவது, குடியிருக்கும் வீட்டை விற்பது, இதெல்லாம் பொருளாதார வன்முறை என்று அதில் வருகிறது. அதன் 17ஆம் பிரிவு, திருமணமாகி வந்து சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்குக் கொடுக்கிறது, அவர் பெயரில் பத்திரம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. 19ஆம் பிரிவின் கீழ், வீட்டை விற்காதே என்று நீதிமன்றம் கணவரைத் தடுக்கலாம். அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லாவிட்டால் வாடகை கொடு என்றும் சொல்லலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே முதலில் இடைக்கால உத்தரவு போடவும் அதிகாரம் உண்டு.

ஆக, சொத்தின் உரிமை ஒருவரிடம், குடியிருக்கும் உரிமை இன்னொருவரிடம். புரோக்கர் எனக்கு முதல் பாதியை மட்டும் சொன்னார். இந்த உத்தரவு வில்லங்கச் சான்றில் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதில் பதிவான ஆவணங்கள்தான் வரும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடப்பது பெரும்பாலும் அதில் ஏறாது. அந்தம்மா தானே நகல் எடுத்து அனுப்பியிருக்காவிட்டால் பதிவு நடந்தேகூட இருக்கும்.

அந்த யோசனையும் எனக்கு வந்தது, மறைக்க விரும்பவில்லை. உத்தரவு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு கணவர் என்னிடம், "பேங்க்க விடுங்க. ஊர்ல பணம் பொரட்டுங்க, நாளைக்கே பத்திரம் போட்டுருவோம். அவள நான் காலி பண்ண வைக்கிறேன்" என்றார். என் தம்பியிடம் கடன் கேட்கக்கூட ஆரம்பித்தேன். நல்லவேளை, கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தியின் மாமா சிவில் வக்கீல். அவர் ஒரே கேள்வி கேட்டார். "சாவி வாங்கி உள்ள போகும்போது அந்தம்மா உள்ள இருந்தா என்ன பண்ணுவீங்க?" பத்திரம் என் பெயரில் இருந்தாலும் ஆளைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, பிறகு நிறைவேற்று மனு போட்டு வெளியேற்ற வேண்டும். வருடக் கணக்கு ஆகும். இன்னொன்றும் சொன்னார். வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், "எனக்குத் தெரியாதே" என்று சொல்ல முடியாது. அந்தச் சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை மனைவிக்கு இருந்து, அது தெரிந்தே நாம் வாங்கினால், அந்த உரிமை நம் மேலும் தொடரும். எனக்கோ அந்தம்மா வாயாலேயே சொல்லியாகிவிட்டது. அப்படி ஒரு வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும், 44 லட்சத்துக்கு 3,96,000 ரூபாய் கட்டியிருப்பேன்.

இதற்கு நடுவில் ஜூன் மாதம் பத்திரிகையில் ஒரு செய்தி. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கணவர் பயந்துபோய் எனக்கே போன் செய்தார். வக்கீல் விளக்கினார்: அது அந்த வழக்கின் விவரங்களை வைத்து, வழக்காடி வாங்கிய தீர்ப்பு. அதனால் நாளையிலிருந்து எல்லாப் பத்திரத்திலும் மனைவி கையெழுத்து வேண்டும் என்று ஆகிவிடாது. ஆனால் 22 பவுன் விற்ற ரசீது வைத்திருக்கும் ஒரு பெண் தனக்கும் பங்கு உண்டு என்று சிவில் வழக்குப் போட்டால், முன்பைவிடக் கனமாக நிற்கும். வழக்கு நடக்கும்போது வாங்கினால் அதன் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும். வீடு வேண்டாம், பணம் போதும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

பணத்தைத் திரும்ப வாங்குவது தனிக் கதை. அவர் என் 4 லட்சத்தைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். வழி இரண்டு. ஒப்பந்தப்படி வீட்டை எழுதிக்கொடு என்று வழக்குப் போட்டால் முழு விலைக்கும் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், 1,32,000. முன்பணத்தை மட்டும் திருப்பிக் கேட்டால் 4 லட்சத்துக்கு 12,000. கூடவே, வாங்குபவர் மேல் தப்பில்லாமல் கிரயம் நின்றுபோனால் கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தே பிணை என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. என் ஒப்பந்தம் பதிவாகி வில்லங்கச் சான்றில் நின்றதால், என்னைத் தீர்க்காமல் அவர் வேறு யாருக்கும் சுலபமாக விற்க முடியாது. பதிவுக்குச் செலவழித்ததில் உருப்படியான பலன் அது ஒன்றுதான்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம், பதில் இல்லை. அப்போது அந்த வக்கீலே தன் வருமானத்துக்கு எதிராக ஒரு யோசனை சொன்னார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஜூலையில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு அழைப்பு போனது. நோட்டீஸுக்கு அசையாதவர் நீதிமன்ற வளாகத்திலிருந்து கடிதம் போனதும் வந்துவிட்டார். மூன்றாவது அமர்வில் ஐந்து தவணை என்று ஒத்துக்கொண்டார், ஆகஸ்டில் அது லோக் அதாலத் தீர்ப்பாக எழுதப்பட்டது. அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனு போடலாம். டிசம்பரில் கடைசித் தவணை வந்தது. வட்டி கேட்கவில்லை, கேட்டால் இழுப்பார் என்று விட்டுவிட்டேன். டோக்கன் 25,000 பற்றி அவர், "அப்படி ஒண்ணு வாங்கவே இல்லையே" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அது போக, ஒப்பந்தம் பதிவும் எழுத்தர் கூலியும் 9,500, வங்கிக்குக் கட்டிய கட்டணங்கள் 17,000, வைப்புநிதியைப் பாதியில் முறித்ததில் போன வட்டி 11,000, ஒப்பந்தத்தை ரத்து செய்ய 4,000. மொத்தம் 66,500. விடுப்பு எடுத்த நாட்களை நான் எண்ணவில்லை. ரத்துப் பத்திரம் இருவரும் சேர்ந்து போட வேண்டும், அதையும் சமரசத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பணம் தந்தவர் உங்கள் பின்னால் அலைவார், அல்லது நீங்கள் அவர் பின்னால் அலைவீர்கள்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் சொல்வது இதைத்தான். வீட்டுக்காரம்மாவிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள், கணவரும் புரோக்கரும் இல்லாத நேரத்தில். "எப்ப காலி பண்றீங்க, எங்க போறீங்க?" என்று கேட்டாலே போதும். போகிற இடம் தெரிந்தவர் தெருப் பேரோடு சொல்வார். கணவன், மனைவி பிரிந்திருந்தால் மனைவி எங்கே இருக்கிறார், வழக்கு ஏதும் உண்டா என்று கேளுங்கள். eCourts தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடலாம், இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குடும்ப வழக்குகளில் பெயர் மறைக்கப்பட்டிருக்கக்கூடும், அதனால் அங்கே ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். வங்கியின் ஆள் நேரில் பார்த்துவிட்டு வரும்வரை பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள்.

மனைவியின் கையெழுத்து வாங்குவதென்றால் கிரயப் பத்திரம் வரை காத்திருக்காமல் ஒப்பந்தத்திலேயே வாங்குங்கள். பலர் அவரைச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைத்துவிட்டுப் போதும் என்று நினைக்கிறார்கள். சாட்சி என்பவர் எழுதிக் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர், அவ்வளவுதான். பத்திரத்தில் எழுதியிருப்பது தெரியும், சம்மதம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. "இந்தச் சொத்தை விற்பதில் எனக்குச் சம்மதம், எனக்கு இதில் குடியிருப்பு உரிமையோ பங்கோ கோருவதில்லை, இந்தத் தேதிக்குள் காலி செய்து தருகிறேன்" என்று அவரை ஒப்புதல் தரப்பாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வீடு காலியாகி சாவி கைக்கு வந்த பிறகே கிரயம், குடும்பத்தில் யாராவது உரிமை கோரினால் 30 நாளில் முன்பணம் வட்டியோடு திரும்பும் என்று இரண்டு வரியும் சேருங்கள். இதற்கு விற்பவர் முகம் சுளித்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

2024 ஜனவரியில் ரத்துப் பத்திரம் போட சார்பதிவாளர் அலுவலகம் போனேன். கணவரோடு அந்தம்மாவும் வந்திருந்தார், கையெழுத்துப் போட அல்ல, சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விரல் ரேகை வைத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, "சாப்பிட்டீங்களாக்கா?" என்றார். இல்லை என்றேன். எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். காசை நான் கொடுக்கப் போனேன், விடவில்லை.